நாத்தனார் பிள்ளையா, வரிசையில் நின்று கைக்குழந்தையா, ஐந்து வயதுப் பிள்ளையா: தத்தெடுக்கும் முன் எடைபோட்டுப் பார்க்க

தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "எங்களுக்கு ஒரு பையன் இருக்கான். இரண்டாவதா தத்தெடுக்கலாம்னு இருக்கோம். சொந்தத்திலேயே ஒரு குழந்தை தர்றேன்னு சொல்றாங்க. அதை வாங்கிக்கலாமா, இல்ல கவர்மெண்ட் மூலமா போகலாமா?" பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்தும் மணலியிலிருந்தும் இதே மாதிரி கேட்டு எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் இதே கேள்விதான் எழுந்தது. பையனுக்கு அப்போது ஏழு வயது, எனக்கு 36, என் வீட்டுக்காரருக்கு 40. திருவொற்றியூரில் இருக்கும் என் நாத்தனாருக்கு மூன்றாவதும் பெண். "அண்ணி, இவளை நீங்க வெச்சுக்கங்க" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புச் சாப்பாட்டின் நடுவில் கேட்டாள். கேலியா நிஜமா என்று எங்களுக்குப் புரியவே ஒரு வாரம் ஆனது.

வழிகளுக்குள் போகும் முன் ஒன்று. "ஆஸ்பத்திரியில தெரிஞ்ச நர்ஸ் இருக்காங்க, பிறப்புச் சான்றிதழோட முடிச்சுத் தருவாங்க" என்று யாராவது சொன்னால் அது தத்து இல்லை, குழந்தை வியாபாரம். 2019இல் ராசிபுரத்தில் வெளியே வந்தது அந்தக் கதைதான். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் அபராதமும் உண்டு. குழந்தையும் கையில் நிற்காது. அந்த வழியை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

நாங்கள் நான்கு கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டோம். நாளைக்கு யார் கேட்டாலும் காகிதம் நிற்குமா? எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், எவ்வளவு செலவாகும்? சொந்தக்காரர்கள் யாரை, எதற்குத் தயார் செய்ய வேண்டும்? அந்தக் குழந்தை தன் கதையை யார் வாயால், எந்த வயதில் கேட்கும்? முதல் இரண்டுக்கும் பதில் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. கடைசி இரண்டுக்குப் பதில் தேடத்தான் எங்களுக்கு மாதக்கணக்கில் ஆனது.

## முதல் வழி: சொந்தத்தில் எடுப்பது

காகிதத்தைப் பொறுத்தவரை இதற்கு இரண்டு கதவு. ஒன்று, 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம். பெற்றவர்கள் இருவரும் சம்மதித்து, குழந்தையைக் கையில் கொடுத்து, நாம் கையில் வாங்க வேண்டும். அதைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்துகொண்டால் சட்டம் அதைச் செல்லும் என்றே எடுத்துக்கொள்ளும். ஹோமம் கட்டாயமில்லை. பணம் கைமாறக் கூடாது. குழந்தைக்கு 15 வயது முடிந்திருக்கக் கூடாது. ஏற்கெனவே மகனோ மகன்வழிப் பேரனோ இருப்பவர் இந்தச் சட்டத்தில் ஆண் குழந்தையை எடுக்க முடியாது. மகளோ மகன்வழிப் பேத்தியோ இருந்தால் பெண் குழந்தையை எடுக்க முடியாது. எங்களுக்கு மகன் மட்டும்தான், நாத்தனாரின் குழந்தை பெண், ஆகையால் எங்களுக்குத் தடையில்லை. அவளுக்குப் பிறந்தது ஆணாக இருந்திருந்தால் இந்தக் கதவு அன்றே மூடியிருக்கும்.

இன்னொரு கதவு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். எந்த மதத்தவருக்கும் பொருந்தும் என்பதால் ராயபுரத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துக்கும் மண்ணடி முஸ்லிம் குடும்பத்துக்கும் இதுதான் வழி. தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவின் இணையதளத்தில் (cara.wcd.gov.in) உறவினர் தத்து என்று பதிய வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு சரிபார்க்கும், கடைசியில் மாவட்ட ஆட்சியர் உத்தரவு போடுவார். 2022 செப்டம்பர் வரை இது கோர்ட்டில் நடந்தது. இப்போது நம் பக்கத்துக்காரர்களுக்கு ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகைதான். இந்தச் சட்டத்தில் உறவினர் என்றால் அப்பாவோடும் அம்மாவோடும் கூடப்பிறந்தவர்கள், இரு பக்கத்துத் தாத்தா பாட்டிகள், அவ்வளவுதான். ஒன்றுவிட்ட அண்ணன் பிள்ளையை நாம் எவ்வளவு சொந்தம் என்று சொன்னாலும் இந்தக் கணக்கில் சேராது. இதைத் தெரிந்துகொள்ளாமல் அலைந்து திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காத்திருப்பு சில மாதங்கள்தான், செலவும் குறைவு. இதனாலேயே எல்லோரும் முதலில் இங்கே சாய்கிறார்கள். உள்ளே ஒளிந்திருக்கும் செலவு வேறு மாதிரி, அது முறையில் இருக்கிறது.

எங்கள் வீட்டையே பாருங்கள். நாத்தனார் மகள் என் வீட்டுக்காரரை மாமா என்று கூப்பிட வேண்டியவள், இனி அப்பா என்பாள். என்னை அத்தை என்று கூப்பிட வேண்டியவள் அம்மா என்பாள். பெற்றவளை அத்தை என்பாள். அவளுடைய சொந்த அக்காக்கள் இருவரும் அத்தை மகள்களாகிவிடுவார்கள். என் மாமியார் மட்டும்தான் அவளுக்கு அன்றும் ஆயா, இன்றும் ஆயா. இதில் இன்னொரு முடிச்சு: எங்கள் பையனைப் பார்த்து ஆயா அதுவரை அந்தக் கைக்குழந்தையைக் காட்டி "உன் பொண்டாட்டி வந்திருக்கா பாருடா" என்று கேலி செய்துகொண்டிருந்தார். எந்தத் தமிழ் வீட்டிலும் நடக்கும் கேலிதான். தத்து என்று முடிவானால் அதே குழந்தை அவனுக்குத் தங்கை. கேலியை ஆயா நிறுத்திவிடுவார், அவர் வாயிலிருந்து கேட்டுப் பழகிய தெரு நிறுத்துமா?

சட்டமும் இதில் ஒரு வரி வைத்திருக்கிறது. தத்துப்போன பிள்ளைக்குப் பெற்ற குடும்பத்தின் சொத்துறவு அறுபட்டாலும், அந்தக் குடும்பத்தில் மணக்கக் கூடாதவர்கள் என்றைக்கும் மணக்கக் கூடாதவர்களே. சொந்தத்தில் எடுப்பவர்கள் முறைகளை ஒரு தாளில் வரைந்து, யாரை யார் இனி எப்படிக் கூப்பிடுவது என்பதைப் பெரியவர்களை உட்காரவைத்து முடிவு செய்வது நல்லது. எல்லாம் நடந்து முடிந்தபிறகு இந்தப் பேச்சை எடுத்தால் சண்டையில்தான் போய் முடியும்.

அடுத்தது பெற்றவள் கண்ணெதிரே இருப்பது. தீபாவளிக்கும் கிருத்திகைக்கும் வருவாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் முதல் போன் அவளிடமிருந்துதான் வரும். "நான் பெத்தேன்" என்று சொல்லவே தேவையில்லை, பார்வையே சொல்லிவிடும். முறையாக நடந்த தத்தை யாரும் ரத்து செய்ய முடியாது என்று சட்டம் சொன்னாலும், கூடப்பிறந்தவள் வாசலில் அழுதால் சட்டத்தை யார் எடுத்துக் காட்டுவார்கள்? அரசிடம் குழந்தையை ஒப்படைக்கும் தாய்க்கே மனம் மாற 60 நாள் அவகாசம் தருகிறார்கள். சொந்தத்துப் பத்திரத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆகவே நீங்களாகவே அந்த 60 நாளைக் கொடுங்கள், அதன்பிறகு பத்திரம் எழுதுங்கள். எங்கள் நாத்தனாருக்கு நாற்பதாவது நாளே மனம் மாறிவிட்டது. அந்தப் பெண் இப்போது திருவொற்றியூரில் ஸ்கூலுக்குப் போகிறாள், எங்களை மாமா, அத்தை என்றுதான் கூப்பிடுகிறாள்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? பெற்றவர்கள் இறந்து, குழந்தை ஏற்கெனவே உங்கள் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. அதற்கு முறை தெரியும், வீடு தெரியும். காகிதம் மட்டும்தான் பாக்கி. மற்றபடி "மூணாவதும் பொண்ணு" என்பதற்காகத் தரப்படும் குழந்தையை வாங்குவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. என்றைக்காவது ஒருநாள் "ஏன் என்னை மட்டும் கொடுத்தாங்க?" என்று அது கேட்கும். பதில் சொல்ல வேண்டியவர் இரண்டு ஸ்டாப் தள்ளி இருப்பார்.

## இரண்டாம் வழி: காராவில் பதிந்து கைக்குழந்தைக்குக் காத்திருப்பது

இரண்டு வயதுக்குள் குழந்தை வேண்டுமென்றால் கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 85க்குள் இருக்க வேண்டும். தனியாக எடுப்பவருக்கு 40க்குள். திருமணமாகி இரண்டு ஆண்டாவது சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். தனி ஆணுக்குப் பெண் குழந்தை தர மாட்டார்கள். எங்கள் வயது கூட்டினால் 76, தடையில்லை. பதிந்ததும் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து ஆய்வு அறிக்கை எழுதுவார். சொந்த வீடு வேண்டுமென்பதில்லை, லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கும் அறிக்கை நன்றாக வரும். கட்டணம் என்று விதியில் இருப்பது வீட்டு ஆய்வுக்கு 6,000, குழந்தையை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு 50,000, பிறகு இரண்டு வருடத்தில் நான்கு முறை வந்து பார்ப்பதற்கு முறைக்கு 2,000. மொத்தம் 64,000. இதற்கு மேல் யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள்.

காத்திருப்புதான் பெரிய செலவு. நோயில்லாத கைக்குழந்தைக்கு மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த மூன்று வருடத்தில் வீட்டிலிருக்கும் ஏழு வயதுப் பையன் பத்து வயதுப் பையனாகிவிடுவான். "தங்கச்சி எப்ப வருவா?" என்று முதல் வருடம் கேட்பான், இரண்டாம் வருடம் கேட்க மாட்டான். ஆகையால் பதிந்த அன்றே பிள்ளையிடம் தேதி சொல்லாதீர்கள். ஆயாவிடம் பதிந்ததாக மட்டும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் "என்னாச்சு, வந்துச்சா?" என்று கேள்வி வரும்.

வரிசை வந்ததும் போட்டோ, குழந்தையைப் பற்றிய அறிக்கை, மருத்துவ அறிக்கை மூன்றும் வரும். 48 மணி நேரத்துக்குள் "எங்களுக்கு" என்று ஒதுக்கிக்கொள்ள வேண்டும். சொந்தங்களைத் தயார் செய்வதில் பாதி வேலை இந்த 48 மணி நேரத்துக்காகத்தான். போட்டோவைக் குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டீர்களானால் நிறத்தைப் பற்றி ஒரு வரி, ஜாதியைப் பற்றி ஒரு கேள்வி, "ஜாதகம் இருக்கா?" என்று இன்னொன்று வரும். அதை அழித்தாலும் ஸ்க்ரீன்ஷாட் யாரிடமாவது இருக்கும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "போட்டோ வந்தா நாங்க ரெண்டு பேரும் பார்ப்போம், குழந்தை டாக்டர் பார்ப்பார், அப்புறம் உங்களுக்குச் சொல்றோம்." டாக்டரிடம் மருத்துவ அறிக்கையைக் காட்டுவதைத் தவற விடாதீர்கள். பிறந்த எடை, தலைச் சுற்றளவு, ரத்தப் பரிசோதனை இதையெல்லாம் அவர் படிப்பதும் நாம் படிப்பதும் ஒன்றல்ல.

குழந்தை வந்த பிறகு இந்த வழியில் ஒரே ஒரு பெரிய ஆபத்து, மறைத்துவிடலாம் என்ற ஆசை. வீடு மாற்றிப் போய் யாருக்கும் தெரியாமல் வளர்த்தவர்களின் பிள்ளைகள் பதினாறு வயதில், பத்திரமோ பங்காளிச் சண்டையோ ஏதோ ஒன்றில் தெரிந்துகொண்டு உடைந்ததைப் பார்த்திருக்கிறேன். கைக்குழந்தையாக இருக்கும்போதே, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது "நீ இன்னொரு அம்மா வயித்துல பொறந்து எங்ககிட்ட வந்தே" என்று சொல்லிப் பழகுங்கள். குழந்தைக்குப் புரியாது. ஆனால் சொல்லும்போது உங்கள் குரல் நடுங்காமல் வர அந்தப் பழக்கம் வேண்டும்.

## மூன்றாம் வழி: ஐந்து வயது தாண்டிய பிள்ளை

நாங்கள் கடைசியில் எடுத்தது இந்த வழி. கைக்குழந்தைக்கு நீளமாக இருக்கும் வரிசை இங்கே குட்டையாகிவிடுகிறது. பெரிய பிள்ளைகளும் அண்ணன் தங்கையாகச் சேர்ந்திருப்பவர்களும் இணையதளத்தில் உடனடிப் பிரிவிலேயே தெரிவார்கள். நாலு முதல் எட்டு வயதுப் பிள்ளைக்குப் பெற்றோர் கூட்டு வயது 100 வரை போகலாம், எட்டுக்கு மேல் என்றால் 110 வரை. பிள்ளைக்கும் உங்களில் ஒவ்வொருவருக்கும் 25 வயதாவது வித்தியாசம் வேண்டும். நாற்பத்தைந்து தாண்டியவர்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டதைப் பார்த்திருக்கிறேன். கட்டணம் எல்லாம் அதே.

இதில் மறைந்திருக்கும் செலவு முதல் ஆறு மாதம். வீட்டில் ஒருவர் வேலையை விட்டாவது லீவு போட்டாவது இருக்க வேண்டும். எங்கள் பெண்ணுக்கு ஐந்தரை வயது, ஆந்திராவிலிருந்து வந்தவள், தெலுங்குதான் தெரியும். முதல் பத்து நாள் சொன்னதெல்லாம் கேட்டாள். பார்க்க வந்தவர்கள் "எவ்ளோ சமத்து!" என்றார்கள். பதினோராம் நாள் தட்டைத் தூக்கி எறிந்தாள். ஒருநாள் தலையணை உறையைத் துவைக்க எடுத்தேன், உள்ளே காய்ந்துபோன இரண்டு இட்லி, கொஞ்சம் முறுக்கு. திட்டவில்லை. அடுத்த நாளிலிருந்து அவள் கை எட்டும் அலமாரியில் ஒரு டப்பாவில் பொரிகடலை போட்டு "இது உன்னது, எப்ப வேணா எடுத்துக்கோ" என்று வைத்தேன். இரவில் எழுந்துபோய் டப்பா இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாள். மூன்று மாதம் கழித்துத்தான் தலையணைக்குள் எதுவும் இல்லாமல் இருந்தது.

பிள்ளையைத் தயார் செய்வது அது வரும் முன்பே தொடங்குகிறது. போட்டோ ஆல்பம் ஒன்று செய்து நிறுவனத்துக்கு அனுப்பினோம். வாசல், படி, அவள் படுக்கப்போகும் இடம், கக்கூஸ் எங்கே, அப்பா, அம்மா, அண்ணன், ஆயா என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு படம், கீழே தெலுங்கில் ஒரு வரி. பொண்ணு தூங்கப் போகும்போது ஆயாம்மா அதைக் காட்டினார்களாம். வரும்போது அவள் போட்டிருந்த சட்டை, பழைய பொம்மை, போர்வை எல்லாம் கேட்டு வாங்கிவந்தோம். போர்வையைத் துவைக்க வேண்டாம் என்று ஏற்கெனவே தத்தெடுத்த ஒருவர் சொல்லியிருந்தார். பழைய வாசனை அவளுக்கு அந்த வீட்டில் தெரிந்த ஒரே விஷயம். பெயரையும் மாற்றவில்லை. மாமியாருக்கு வீட்டுப் பெயர் வைக்க ஆசை, ஆனாலும் ஐந்தரை வயதில் அவளிடம் அவளுடையது என்று இருந்தது அந்தப் பெயர் மட்டும்தான்.

சொந்தங்களிடம் சொல்ல வேண்டியது இங்கே கொஞ்சம் கடினம். முதல் ஒரு மாதம் நானும் அவரும் மட்டும்தான் ஊட்டுவோம், குளிப்பாட்டுவோம், தூக்குவோம். மற்றவர்கள் வரலாம், அரைமணி நேரம் உட்காரலாம், மிட்டாய் வேண்டாம். விடுதியில் வளர்ந்த பிள்ளைக்கு யார் கை நீட்டினாலும் ஒன்றுதான். எது தன் அம்மா கை என்று அது கண்டுபிடிக்கும்வரை கைகள் குறைவாக இருக்க வேண்டும். இதை மாமியாரிடம் சொன்னபோது இரண்டு நாள் பேசவில்லை. பிறகு என் வீட்டுக்காரர் ஒரு வேலை கொடுத்தார்: தினமும் சாயந்திரம் அவள் தலைக்குப் பின்னல் போட்டுப் பூ வைப்பது ஆயா மட்டும்தான். அதன்பிறகு கோபம் அடங்கியது.

இன்னொருவரைத் தனியாகத் தயார் செய்தோம், என் தம்பியை. காது குத்துக்கு யார் மடியில் உட்காருவாள், நாளைக்குச் சீர் யார் கொண்டுவருவார்கள் என்று கேட்கும் ஊர் இது. தத்துப்பிள்ளைக்குத் தாய்மாமன் யார் என்ற கேள்வி விசேஷ வீட்டில் எழுந்து எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தால் அது பிள்ளையின் கண்ணில் படும். பதியும் முன்பே அவனிடம் கேட்டோம். "நான் இல்லாம வேற யாரு?" என்றான்.

தெருவுக்கு ஒரு வரியை முன்பே தயார் செய்துவைத்துக்கொண்டோம். பொதுக்குழாய், ஒட்டிய வாசல், மொட்டை மாடி என்று இருக்கும் இடத்தில் மறைக்க முடியாது. "ஆமா, தத்தெடுத்தோம், எங்க பொண்ணு" என்று அதோடு நிறுத்திவிடுவோம். பெற்றவள் யார், ஏன் விட்டாள், விடுதியில் என்ன நடந்தது என்பதெல்லாம் அவளுடைய கதை, ஆயாவுக்கும்கூட முழுதாகச் சொல்லவில்லை. "உண்மையான அம்மா யாரு?" என்று கேட்பவர்களிடம் "பெத்த அம்மா, வளர்க்கிற அம்மா, ரெண்டும் உண்மைதான்" என்று எங்கள் பையனே சொல்லக் கற்றுக்கொண்டான்.

## ஒரே பார்வையில்

| | சொந்தத்தில் | கைக்குழந்தை | ஐந்து வயது தாண்டியவர் |
|---|---|---|---|
| காத்திருப்பு | சில மாதம் | மூன்று வருடத்துக்கு மேல் | பெரும்பாலும் மிகக் குறைவு |
| செலவு | பத்திரம், விண்ணப்பம் | 64,000 | 64,000, கூட முதல் ஆறு மாத வருமான இழப்பு |
| மறைந்த செலவு | முறை மாறுவது, பெற்றவள் பக்கத்திலேயே | காத்திருப்பு, மறைக்கும் ஆசை | முதல் ஆறு மாதத்துச் சோதனை, மொழி |
| சொந்தத்தில் யாரைத் தயார் செய்வது | இரு பக்கத்துப் பெரியவர்கள் | போட்டோவைப் பற்றிப் பேசக்கூடியவர்கள் | தாத்தா பாட்டி, தாய்மாமன் |
| பொருந்துவது | பிள்ளை ஏற்கெனவே உங்களிடம் வளர்ந்தால் | இளம் தம்பதி, பொறுமை இருந்தால் | வீட்டில் ஆள் இருந்தால், வயது கூடியிருந்தால் |

ஏற்கெனவே இரண்டோ அதற்கு மேலோ பிள்ளைகள் இருப்பவர்களுக்கு நடுக்கட்டம் கிடையாது. காராவில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் எளிதில் வீடு கிடைக்காத பிள்ளைகளுக்கும் மட்டும்தான் அவர்களைப் பரிசீலிப்பார்கள்.

## வீட்டில் இருக்கும் பிள்ளை

மூன்று வழிக்கும் இது பொது. உங்களுக்கு ஐந்து வயது தாண்டிய பிள்ளை இருந்தால் காரா வழியில் அதன் சம்மதத்தையும் எழுத்தில் கேட்பார்கள். அதை வெறும் காகிதமாக நினைக்காதீர்கள். எங்கள் பையனிடம் "உனக்கு விளையாட ஆள் வரப்போகுது" என்று சொல்லவில்லை. வருபவள் முதலில் விளையாட மாட்டாள், அழுவாள், அவன் பென்சிலை உடைப்பாள் என்றுதான் சொன்னோம். அவனுக்கு மாறாதது எது என்பதையும் சொன்னோம்: அப்பாவோடு ஞாயிறு காலை காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போவது அவனுக்கு மட்டும்.

"வாங்கிட்டு வர்றோம்" என்ற சொல்லை வீட்டில் நிறுத்தினோம், அழைச்சிட்டு வர்றோம் என்றோம். அதைவிடக் கடினம் தவிடு. பையன் அடம்பிடித்தால் "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்டா" என்று ஆயா சொல்வதும் அவன் சிரிப்பதும் எங்கள் வீட்டில் தினம் நடந்தது. பெற்ற பிள்ளைக்கு அது கேலி. ஐந்தரை வயதில் ஒரு விடுதியிலிருந்து வந்தவளின் காதில் அது வேறு மாதிரி விழும். ஆயாவுக்கு அதைச் சொல்லிப் புரியவைத்தது நாங்கள் இல்லை, பையன்தான். சம்மதக் காகிதத்தில் கோணல் எழுத்தில் பெயர் எழுதிவிட்டு, சமூகப் பணியாளரிடம் அவள் தன் சைக்கிளை ஓட்டலாமா கூடாதா என்பதை யார் முடிவு செய்வது என்று கேட்டான். நீதான் என்றார் அவர். அன்று ராத்திரி படுக்கும் முன் ஆயாவிடம் போய், "அவ வந்தப்புறம் தவிடு சொல்லாத ஆயா, அவளுக்கு நெஜம்னு நினைச்சுக்குவா" என்றான்.